130 கிலோ உடம்புக்கு எவ்வளவு சாப்பாடு?

எடையைக் குறைக்கத் தொடங்குபவர் பலரும் ‘கிலோவுக்கு 30 கலோரி’ என்ற கணக்கைப் போடுவார்கள். 170 செ.மீ. உயரமும் 130 கிலோ எடையும் உள்ள ஓர் ஆணுக்கு அது 3,900 கலோரி என்று வரும். அவ்வளவு சாப்பிட்டால் எடை குறையாது, ஏறவே செய்யும். காரணம், ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போதே நாளுக்குச் சுமார் 13 கலோரி எரிக்கிறது. ஒரு கிலோ கொழுப்போ நாலைந்துதான்.

அதனால் எடையைத் திருத்திக்கொள்ள வேண்டும். உயரத்தில் 100 போக 70 கிலோ. இது தோராயமான இலக்கு எடை. மிச்சமுள்ள 60 கிலோவில் 40 சதவீதமான 24 கிலோவை மட்டும் சேர்த்தால் 94. அதை 30ஆல் பெருக்கினால் 2,820. இதில் 500 குறைத்து, 2,300 கலோரியில் தொடங்கலாம்.

இதுவும் மதிப்பீடுதான். முதல் வாரம் சட்டென்று இறங்குவதில் பெரும்பங்கு நீர். அதன்பின் மூன்று வாரச் சராசரி அசையவில்லை என்றால் 200 கலோரி குறைக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் முதலில் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.