சைரன் கேட்டால் எந்தப் பக்கம் ஒதுங்குவது?

சென்ற மாதம் ஒரு மாலை, சிக்னலில் பச்சை விழுவதற்காகக் காத்திருந்தேன். பின்னால் ஊய் ஊய் என்று சைரன். நான் காரை இடது ஓரம் நகர்த்தினேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் ஏறிட்டும் பார்க்கவில்லை. “ஆம்புலன்ஸ் இல்ல சார், கொடி கட்டின வண்டி” என்றார். அவர் சொன்னது சரி. வெள்ளை நிறத் தனியார் வண்டி ஒன்று ஹூட்டரை அலறவிட்டபடி எங்களைத் தாண்டிப் போனது. ஐந்து நிமிடம் கழித்து, அடுத்த சிக்னலில், அதே ஓசையோடு உண்மையான ஆம்புலன்ஸ் வந்தது. இந்த முறை நகர்ந்தவர்கள் குறைவு. அந்த ஆம்புலன்ஸுக்குள் படுத்திருந்தவரிடமிருந்து சில நொடிகளைத் திருடியது அந்தக் கொடி கட்டிய வண்டிதான் என்று நான் நினைக்கிறேன்.

சைரன் ஓட்டுநரிடம் ஒரே ஒரு செய்தியைச் சொல்கிறது: யோசிக்காதே, வழிவிடு. எவர் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம் என்றாகிவிட்டால் ஓட்டுநர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். அதனால்தான் இந்தியச் சட்டம் அந்த ஓசையைச் சிலருக்கு மட்டும் கொடுத்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி ஹாரனைப் பற்றியது. ஒரே சுருதியில் ஒலிக்கும் சாதாரண மின்சார ஹாரன் எல்லா வண்டிக்கும் உண்டு. அடுத்தடுத்து வெவ்வேறு சுருதியில் ஒலிப்பது, காதைக் கிழிப்பது, திடுக்கிட வைப்பது எதுவும் கூடாது. மியூசிக்கல் ஹாரன், ஏர் ஹாரன், ஹூட்டர் எல்லாம் இந்தத் தடைக்குள் வருபவை. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மீட்பு வண்டிகள், கடமையில் இருக்கும் காவல் துறையினரின் வண்டிகள், மோட்டார் வாகனத் துறை அதிகாரிகளின் வண்டிகள், கட்டுமான இயந்திர வண்டிகள் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவையும் பதிவு அதிகாரி ஒப்புக்கொண்ட ஓசையைத்தான் பயன்படுத்தலாம். இந்தப் பட்டியலில் மந்திரி, எம்.எல்.ஏ., கட்சித் தலைவர், மாவட்டச் செயலாளர் எவரும் இல்லை.

விளக்கின் கதை வேறு. பல ஆண்டுகளாகப் பதவியின் அடையாளமாகக் காரின் கூரையில் சிவப்பு விளக்கு சுழன்றது. யார் வைக்கலாம் என்ற பட்டியலை மத்திய அரசும் மாநில அரசுகளும் நீட்டிக்கொண்டே போயின. 2013 டிசம்பர் 10 அன்று அபய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சிங்வியும் நாகப்பனும் இதைக் கண்டித்தார்கள். உயர்ந்த அரசியலமைப்புப் பதவிகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே சிவப்பு விளக்கு என்றார்கள். பிறகு மத்திய அரசு அதையும் தாண்டியது. 2017 மே 1 முதல் குடியரசுத் தலைவர், பிரதமர் உட்பட எவர் காரிலும் சுழல் விளக்கு கிடையாது. இப்போது 108ஆம் விதிப்படி சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கு தீயணைப்பு, சட்டம் ஒழுங்கு காக்கும் காவல் மற்றும் ராணுவப் படைகள், பேரிடர் மீட்பு போன்ற பணிகளுக்காக ஒதுக்கப்பட்ட வண்டிகளுக்கு உரியது. அந்த வண்டியும் பணியில் இல்லாதபோது அதை எரியவிடக் கூடாது. ஆளைப் பார்த்துக் கொடுத்ததை வேலையைப் பார்த்துக் கொடுப்பதாக மாற்றியதுதான் இதில் நடந்தது.

அப்படியானால் முதல்வரின் கான்வாய் எப்படிச் சைரனோடு போகிறது? பலருக்கும் இங்கேதான் குழப்பம். ஓசையும் விளக்கும் முன்னால் போகும் பைலட் வண்டிக்கும், பின்னால் வரும் எஸ்கார்ட் வண்டிகளுக்கும் உரியவை. அவை காவல் துறையின் வண்டிகள், பாதுகாப்புப் பணியில் இருப்பவை. நடுவில் வரும் காருக்குத் தனியாகச் சைரன் உரிமை இல்லை. போலீஸ் துணை இல்லாமல் ஒரு பிரமுகரின் கார் தனியே ஹூட்டர் அடித்துக்கொண்டு வந்தால் அது அவசர வண்டி இல்லை.

சாலையில் நாம் எதற்குக் கட்டுப்படுகிறோம் என்பதும் இதிலிருந்து தெளிவாகும். சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தினால் நிற்க வேண்டும், அது கான்வாய்க்காக இருந்தாலும் சரி. அவருடைய உத்தரவை மீறுவது தனிக் குற்றம். ஆனால் எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பது நியாயமான கேள்வி. 2021 அக்டோபரில் சென்னையில் முதல்வர் கலந்துகொண்ட நிகழ்ச்சிக்காகப் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது, நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் காரும் சுமார் 25 நிமிடம் மாட்டிக்கொண்டது. அவர் உள்துறைச் செயலரைக் காணொலியில் அழைத்து விளக்கம் கேட்டார். அதே மாதத்தில் முதல்வரின் கான்வாய் 12 வண்டிகளிலிருந்து 6 ஆகக் குறைக்கப்பட்டது. மக்களை நிறுத்தி வைக்க வேண்டாம் என்றும் முடிவானது. கான்வாய் கடந்து போகும்போது அதன் நடுவே நுழைவதும், வால் வண்டியை ஒட்டிக்கொண்டு காலியான சாலையில் பறப்பதும் ஆபத்து. பாதுகாப்புக்கு வந்தவர்கள் உங்களை அவசரக்காரர் என்று எண்ணமாட்டார்கள், அச்சுறுத்தல் என்றே எண்ணுவார்கள்.

இனி ஓட்டுநரின் பக்கம். வழிவிடாதவர்கள் எல்லோரும் இரக்கமற்றவர்கள் இல்லை. பலருக்கு உண்மையிலேயே கேட்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆம்புலன்ஸின் சைரன் 3 மீட்டர் தூரத்தில் 120 டெசிபல் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 6 மீட்டரில் 114, 12இல் 108, 24இல் 102, 48இல் 96, கிட்டத்தட்ட 100 மீட்டரில் 90. கண்ணாடியை ஏற்றிய கார் அதில் 30ஐப் போல விழுங்கிவிடும். காதுக்கு வருவது 60. உள்ளே ஏசியும் பாட்டும் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவு ஓசை எழுப்பிக்கொண்டிருக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு சைரன் வருவதே தெரியாமல் போவது இதனால்தான்.

கேட்டாலும் எங்கிருந்து என்று தெரியாது. ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஓசை வந்து சேரும் நேரத்தில் உள்ள நுண்ணிய வேறுபாட்டையும், பலத்தில் உள்ள வேறுபாட்டையும் வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. காருக்குள் ஓசை எல்லாக் கண்ணாடி வழியாகவும் நுழைகிறது. வெளியே கட்டடங்களில் பட்டுத் திரும்புகிறது. பின்னால் வருவது முன்னால் வருவதாகத் தோன்றும். ஆகவே திசையைக் காதால் தேடாதீர்கள், கண்ணால் தேடுங்கள். பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள், உள்கண்ணாடியையும் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் பாருங்கள். ஆம்புலன்ஸின் முன்பக்கத்தில் அதன் பெயர் இடவலம் மாற்றி எழுதப்பட்டிருப்பது உங்கள் கண்ணாடியில் நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

கட்டடம் மறைக்கும் நாற்சந்திதான் மிக மோசமான இடம். உங்களுக்குப் பச்சை. குறுக்குச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆம்புலன்ஸ் வருகிறது, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். நூறு மீட்டரில் உங்களுக்குக் கேட்டால் கையில் இருப்பது 6 நொடி. என்ன ஓசை என்று புரிய 2 நொடி, எங்கிருந்து என்று தேட 2 நொடி. மிச்சம் 2 நொடியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நீங்கள் சந்திப்பின் நடுவே இருப்பீர்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் சிவப்பைத் தாண்ட விதி இடம் தருகிறது, ஆனால் எச்சரிக்கையோடும் பொறுப்போடும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. அவர் நிதானித்தே நுழைய வேண்டும். நீங்களும் அதையே செய்யுங்கள்: சைரன் கேட்கிறது, வண்டி தெரியவில்லை என்றால், பச்சையாக இருந்தாலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், சந்திப்புக்குள் நுழையாதீர்கள்.

பின்னால் வருவது உறுதியானால் இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். சடாரென்று பிரேக் அடிக்க வேண்டாம். நெரிசலில் இடது ஓரத்தில் இருப்பவர் இன்னும் ஓரமாகப் போனால்தான் நடுவில் இருப்பவருக்கு இடம் கிடைக்கும். முதல் நகர்வு ஓரத்தில் இருப்பவருடையது என்பதால், தனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் இல்லையே என்று அவர் சும்மா இருக்கக் கூடாது. மேம்பாலத்தில் ஒதுங்க இடம் இல்லையென்றால் பாதியில் நிற்காதீர்கள். நின்றால் ஆம்புலன்ஸுக்கும் வழி அடைபடும். சீரான வேகத்தில் இறங்கி, இறங்கியதும் ஒதுங்குங்கள். ரவுண்டானாவுக்குள் இருந்தால் வெளியேறிவிட்டு ஒதுங்குங்கள்.

சிக்னலில் முதல் வரிசையில் நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது? சிவப்பைத் தாண்ட ஆம்புலன்ஸுக்குக் கிடைக்கும் விலக்கு உங்களுக்கு இல்லை. காவலர் கை காட்டினால் போங்கள். காவலர் இல்லையென்றால் இருக்கும் இடத்திலேயே வண்டியை ஓரமாகச் சாய்த்து இடைவெளி உண்டாக்குங்கள். பதற்றத்தில் சந்திப்புக்குள் பாய்ந்து குறுக்கே வரும் வண்டியில் மோதினால் ஆம்புலன்ஸுக்கும் வழி அடைபட்டுவிடும்.

வழிவிடாமல் இருப்பதற்குத் தண்டனை உண்டு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவின்படி ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும், மாநில அரசு குறிப்பிடும் பிற அவசர வண்டிகளுக்கும் ஓரம் ஒதுங்காதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வழிவிட்ட பிறகு அந்த வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடுவது வேறு தவறு. நோயாளியின் உறவினர்கள்கூடத் தங்கள் காரில் ஹாரன் அடித்தபடி ஆம்புலன்ஸைத் துரத்துவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பதைப்பு புரிகிறது. ஆனாலும் ஆம்புலன்ஸ் போன பிறகு மற்றவர்கள் சாலைக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள், அந்த இடைவெளியில்தான் அந்தக் கார் பாய்கிறது. ஆளுக்கொரு வழியில் நிதானமாக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதே நல்லது.

சைரன் உங்களைத் தாண்டியதைக் காதே சொல்லிவிடும். நெருங்கும்போது உயர்ந்து ஒலித்த சுருதி, கடந்ததும் தணிந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வேறுபாடு பத்தில் ஒரு பங்குதான், ஆனால் கவனித்தால் தெரியும். அப்போதும் உடனே ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். தீ விபத்துக்கு ஒரு வண்டி மட்டும் போவதில்லை. பின்னால் தண்ணீர் லாரியோ இன்னொரு தீயணைப்பு வண்டியோ வந்துகொண்டிருக்கலாம். கண்ணாடியைப் பாருங்கள், இரண்டாவது சைரன் இல்லை என்று தெரிந்த பிறகு வலப்பக்க இண்டிகேட்டரைப் போடுங்கள்.