சாய்ப்புக்கு அடியில் மறைந்த டீக்கடை

தெருமுனை டீக்கடையைச் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். தகரச் சாய்ப்பு, அதன் அடியில் பித்தளை பாய்லர், சுவரில் பெயர்ப்பலகை, முன்னால் ஒரு மரப் பெஞ்சு. இதைக் கைபேசி விளையாட்டுகளில் வரும் பொம்மை ஊர்போல, மேலே மூலையிலிருந்து சாய்வாகப் பார்க்கிற குட்டிக் கடையாக மாற்றவேண்டும் என்று ஆசை. கையில் பிளெண்டர் இருக்கிறது, இலவச மென்பொருள்தான். ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்படி ஒரு பொத்தான் இல்லை. இருக்கவும் முடியாது. ஏன் என்று புரிந்துகொள்ள, அந்தப் பொம்மைத் தோற்றம் இரண்டு தனித்தனிச் சங்கதிகளால் ஆனது என்பதைப் பார்க்கவேண்டும். ஒன்று லோ-பாலி: உருவங்களை மிகக் குறைந்த தட்டையான முகங்களால் கட்டுவது. பட்டை தீட்டிய கல்போல ஒவ்வொரு முகமும் தனியாகத் தெரியும். இன்னொன்று ஐசோமெட்ரிக்: தூரத்தில் இருப்பது சிறுக்காமல், இணையான கோடுகள் கடைசிவரை இணையாகவே போகும் பார்வை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் 1822-ல் இதை விளக்கி எழுதியது எந்திரங்களின் படங்களுக்காக. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே விகிதத்தில் குறுகுவதால், தாளில் ஒரே அளவுகோலை வைத்து மூன்றையும் அளக்கலாம்.

கேமராவோ இதற்கு நேர் எதிர். அது தூரத்தைக் குறுக்கித்தான் காட்டும். அதோடு என் படம் கண் உயரத்தில் எடுத்தது. கூரையின் மேற்பரப்பை அது பார்த்ததே இல்லை. பார்க்காததை எந்த வடிகட்டியாலும் காட்டமுடியாது. படத்தின் வெளிச்சத்தை மேடு பள்ளமாக மாற்றும் குறுக்குவழி ஒன்று உண்டு. அதையும் செய்து பார்த்தேன். வெள்ளைச் சுவர் மலையாக எழும்பியது, கடைக்காரரின் மீசை கிணறாக இறங்கியது. ஆக, கடையை மறுபடி கட்டுவதுதான் வழி. புகைப்படம் நமக்குக் கட்டுமானப் பொருள் இல்லை, அளவு எடுக்கிற நூல்தான்.

அளவு எடுக்க, படம் எடுத்தபோது கேமரா எங்கே, எந்தக் கோணத்தில் இருந்தது என்பதைத் திரும்பக் கண்டுபிடிக்கவேண்டும். இதற்கு fSpy என்ற சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. படத்தை அதில் திறந்து, முன்சுவரின் கிடைக்கோடுகள் இரண்டின் மேலும், பக்கச்சுவரின் கிடைக்கோடுகள் இரண்டின் மேலும் கோடு பொருத்தினால் போதும். அந்தக் கோடுகள் எங்கே போய்க் குவிகின்றன என்பதை வைத்து அது கேமராவைக் கணக்கிட்டுவிடும். ஒரு துணைநிரல் வழியாக அந்தக் கேமராவை, பின்னணியில் படத்தோடு சேர்த்து, பிளெண்டருக்குள் கொண்டுவரலாம். இரண்டு சுவரும் தெரியும்படி மூலையைப் பார்த்து எடுத்த படம்தான் இதற்கு லாயக்கு. முகப்பை நேராக எடுத்திருந்தால் ஒரு திசைக் கோடுகள்தான் குவியும். பக்கவாட்டு ஆழத்தை ஊகிக்கத்தான் வேண்டும்.

நான் இங்கே ஒரு நாளை வீணாக்கினேன். படத்தின் இடப்பக்கம் ஒரு குப்பைத்தொட்டி அசிங்கமாக இருந்ததால், அழகுக்காக அதை வெட்டிவிட்டு fSpy-யில் போட்டேன். கோடெல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் பிளெண்டரில் கட்டிய பெட்டி முன்சுவரோடு ஒட்டினால் பக்கச்சுவரை விட்டு விலகியது. பக்கத்தைச் சரிசெய்தால் முன்பக்கம் விலகியது. காரணம் எளிது. லென்ஸின் மையம் படத்தின் நடுவில் இருப்பதாகத்தான் அந்தக் கணக்கு நம்புகிறது. ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் நடு நகர்ந்துவிடுகிறது. வெட்டாத மூலப்படத்தைப் போட்டதும், குப்பைத்தொட்டியோடு சேர்த்து, எல்லாம் உட்கார்ந்தது.

உண்மையான அளவு ஒன்றாவது தெரிந்திருக்கவேண்டும். டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். கடை அகலம் 8 அடி. சாய்ப்பின் வெளிவிளிம்பு தரையிலிருந்து 7 அடி உயரத்தில், சுவரிலிருந்து 4 அடி வெளியே நீண்டிருந்தது. இந்த இரண்டு எண்கள் பின்னால் என்னைப் படுத்தப்போகின்றன.

கட்டுவது சுலபமான பகுதி. ஒரு கனசதுரத்தை நீட்டிக் கடையாக்கி, வாசலுக்கு முன்முகத்தை உள்ளே தள்ளி, சாய்ப்புக்கு ஒரு தகடு. பாய்லருக்கு உருளை ஒன்றைச் சேர்க்கும்போது பிளெண்டர் அதற்கு 32 பக்கம் கொடுக்கும். அது லோ-பாலி ஆகாது, வழவழவென்று இருக்கும். சேர்த்த உடனே இடது கீழ்மூலையில் திறக்கும் பெட்டியில் அதை 8 ஆக்கினேன், டீ கிளாஸுக்கு 6. எல்லாவற்றுக்கும் Shade Flat. முதலில் நுணுக்கமாகச் செய்துவிட்டுப் பிறகு Decimate கொண்டு முகங்களைக் குறைக்கலாமே என்று தோன்றும். அது முக்கோணங்களைத் தன் இஷ்டத்துக்கு வெட்டும். நேரான சுவர்கூடக் கசங்கிய காகிதம்போல ஆகிவிடும். பாறைக்கும் மரத்துக்கும் அது சரி, கடைக்குச் சரிப்படாது.

இப்போது பார்வையை மாற்றவேண்டும். புதிதாக ஒரு கேமரா வைத்து, அதன் வகையை Orthographic என்று மாற்றி, சுழற்சியில் X-க்கு 54.736, Y-க்கு 0, Z-க்கு 45 பாகை. கேமரா கிடைமட்டத்திலிருந்து 35.264 பாகை கீழே பார்க்கவேண்டும் என்று படித்துவிட்டு அந்த எண்ணையே X-ல் போடுகிறவர்கள் உண்டு. பிளெண்டரில் X சுழற்சி 0 என்றால் கேமரா நேர் கீழே பார்க்கிறது, 90 என்றால்தான் கிடைமட்டம். ஆகவே 90-லிருந்து கழித்த எண் வேண்டும். சரியா என்று சோதிக்க நடுவில் ஒரு கனசதுரம் வையுங்கள். அதன் வெளிக்கோடு ஒழுங்கான அறுகோணமாகத் தெரிந்தால் சரி. இந்த வகைக் கேமராவைப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பொருள் பெரிதாகாது. கேமராவைத் தாண்டிய பகுதி வெட்டுப்பட்டு மறைந்துவிடும். பெரிதாக்க Orthographic Scale என்ற எண்ணைத்தான் குறைக்கவேண்டும்.

எல்லாம் செய்து கேமரா வழியாகப் பார்த்தால், கடையையே காணோம். பெரிய தகரச் சாய்ப்பு ஒன்று, அதன் கீழே கொஞ்சம் சுவர். பெயர்ப்பலகை போயிற்று. பாய்லரின் தலை ஏதோ தெரிந்தும் தெரியாமலும்.

இது தவறு இல்லை, கணக்குதான். ஐசோமெட்ரிக் பார்வைக்கோடு மூன்று திசையிலும் சம அளவு நகரும். முன்சுவரை நோக்கி ஓர் அடி உள்ளே போனால் ஓர் அடி கீழே இறங்கும். அதனால் 4 அடி நீண்ட சாய்ப்பு, தன் விளிம்பு உயரத்திலிருந்து சரியாக 4 அடிச் சுவரை விழுங்கும். 7 அடியில் விளிம்பு இருந்தால் சுவரில் 3 அடிக்கு மேல் எதுவும் தெரியாது. பாய்லர் தப்பியதன் காரணமும் இதே கணக்கில் இருக்கிறது. அது சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இருப்பதால், விளிம்புக்கும் அதற்கும் இடையே இரண்டரை அடிதான். அங்கே நாலரை அடி உயரம்வரை தெரியும். பாய்லரின் உச்சியும் ஏறக்குறைய அதே உயரம்.

கண் உயரத்தில் நின்று பார்த்தபோது சாய்ப்பு கடைக்கு ஒரு சட்டம்போல இருந்தது. மேலே போனதும் அதுவே மூடியாகிவிட்டது. இந்த இடத்தில்தான் படத்துக்கு உண்மையாக இருப்பதா, கடைக்கு உண்மையாக இருப்பதா என்று முடிவெடுக்கவேண்டும். நான் கடையின் பக்கம் நின்றேன். சாய்ப்பை ஒன்றரை அடியாகக் குறைத்தேன்; இப்போது சுவரில் ஐந்தரை அடிவரை தெரிந்தது. 6 அடிக்கு மேல் இருந்த பெயர்ப்பலகையைச் சுவரிலிருந்து கழற்றிக் கூரை விளிம்பில் நிமிர்த்தி வைத்தேன். சிலர் கூரையையே பாதி வெட்டி உள்ளே காட்டுவார்கள். அழகுதான், ஆனால் பொம்மை வீட்டு வாடை அடிக்கும் என்று எனக்குத் தோன்றியது.

வண்ணத்தைப் படத்திலிருந்தே எடுக்கலாம். வண்ணப் பெட்டியின் மேல் சுட்டியை வைத்து E அழுத்தினால் சொட்டுக்குழாய் வரும், படத்தில் எங்கே தொட்டாலும் அந்த நிறம் கிடைக்கும். ஆனால் படத்தின் நிறத்தில் வெயிலும் நிழலும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. நிழல் சுவரின் நிறத்தை நிழல் சுவருக்கே கொடுத்தால், பிளெண்டரின் நிழலும் சேர்ந்து சுவர் கரியாகிவிடும். வெயில் பட்ட ஓர் இடத்தில் எடுத்த நிறத்தையே இரண்டு சுவருக்கும் கொடுத்தேன். மொத்தம் பத்து நிறம் போதுமானதாக இருந்தது. இன்னொன்று: பிளெண்டர் 4.0 முதல் View Transform என்ற இடத்தில் AgX என்று இருக்கும். அது அடர்ந்த நிறங்களை வெளுக்கவைக்கும். Standard என்று மாற்றியதும் பெயர்ப்பலகையின் சிவப்பு திரும்பி வந்தது.

வெளிச்சத்துக்கு ஒரே ஒரு Sun. அதன் Z சுழற்சியையும் கேமராபோல 45 என்று வைத்தால் இரண்டு சுவரும் ஒரே அளவு ஒளி வாங்கும், நடு மூலை கரைந்து கடை தட்டையாகிவிடும். X-க்கு 40, Z-க்கு 20 என்று வைத்தேன். மேல்பக்கம் பளிச்சென்றும், இடச்சுவர் சற்று மங்கியும், வலச்சுவர் இருண்டும் வந்தன.

முடிந்த படத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன். பாய்லரைப் பார்த்துச் சிரித்தார். சாய்ப்பு குட்டையானதை அவர் கவனிக்கவே இல்லை. விரலால் கூரையைத் தொட்டு, "தம்பி, மேல கிடக்குற டயர் ரெண்டையும் எங்க காணோம்?" என்றார். காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்கப் போட்டு வைத்தாராம். கீழே நின்று எடுத்த படத்தில் அவை இல்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. வீட்டுக்கு வந்து பிளெண்டரின் வளையம் இரண்டைச் சேர்த்தேன். 48-க்கு 12 என்று 576 முகங்களோடு வரும் அதை 8-க்கு 4 என்று 32 முகங்களாகக் குறைத்து, ஒன்றைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன்.