அண்ணனுக்கு வேண்டாம், பாப்பாவுக்கு இன்றே வேண்டும்... குழந்தைகளுக்கு ஃப்ளூ மருந்து எப்போது, எவ்வளவு?

ஐப்பசி மழையில் பல வீடுகளில் நடக்கும் காட்சிதான் இது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மூத்த பையன் பள்ளியிலிருந்து காய்ச்சலோடு வருகிறான். உடம்பு வலி, வறட்டு இருமல். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, தோசை கேட்க ஆரம்பிக்கிறான். அன்று காலை, வீட்டில் இருக்கும் எட்டு மாதக் குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, பால் குடிக்க மறுக்கிறது.

அம்மா இரண்டு பேரையும் மருத்துவரிடம் அழைத்துப்போகிறார். பரிசோதனையில் ஃப்ளூ என்று தெரிகிறது. திரும்பி வரும்போது கைக்குழந்தைக்கு மட்டும் மருந்து இருக்கிறது. ‘பெரியவன்தானே மூன்று நாளாகக் கஷ்டப்பட்டான், அவனுக்கு ஏன் தரவில்லை?’ என்று பாட்டி கேட்கிறார். நியாயமான கேள்வி.

அந்த மருந்தின் பெயர் ஒசெல்டாமிவிர். டாமிஃப்ளூ என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது. இது காய்ச்சலைக் குறைக்கும் மருந்தல்ல. இன்ஃபுளூயன்சா வைரஸ், தான் பெருகிய செல்லை விட்டு வெளியேறி அடுத்த செல்லுக்குப் பரவுவதைத் தடுப்பதுதான் இதன் வேலை. வைரஸ் வேகமாகப் பெருகுவது முதல் இரண்டு மூன்று நாள்களில். அதனால்தான் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு காய்ச்சல் தொடங்கிய நேரத்திலிருந்து ஓடுகிறது. மருத்துவரைப் பார்த்த நேரத்திலிருந்து அல்ல.

நேரத்தோடு தொடங்கினாலும் பலன் எவ்வளவு? ஆரோக்கியமான குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நோய் ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகக் குணமாகிறது, அவ்வளவுதான். பதிலுக்கு வாந்தி வரலாம். 2014-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, இந்த மருந்தைச் சாப்பிடும் 19 குழந்தைகளில் ஒருவருக்குக் கூடுதலாக வாந்தி வருகிறது. பெரியவன் 48 மணி நேரத்தைத் தாண்டிவிட்டான், காய்ச்சலும் இறங்கிவிட்டது. அவனுக்கு மருந்தால் கிடைக்கப்போவது அநேகமாக வாந்தி மட்டும்தான். லேசான ஃப்ளூ உள்ள, வேறு நோய் இல்லாத குழந்தைக்கு இந்த மருந்து தேவையில்லை, கவனித்துக்கொண்டால் போதும் என்பதே மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலும்.

கைக்குழந்தையின் கதை வேறு. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஃப்ளூ நுரையீரல் வரை இறங்கும் ஆபத்து அதிகம். ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ள குழந்தைகளும் இந்தப் பட்டியலில் வருவார்கள். இவர்களுக்கு ஃப்ளூ என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், பரிசோதனை முடிவு வரும்வரைகூடக் காத்திருக்காமல் மருத்துவர் மருந்தைத் தொடங்குவதுண்டு. ஃபின்லாந்தில் 1 முதல் 3 வயதுக் குழந்தைகளிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியபோது, ஏ வகை இன்ஃபுளூயன்சா மூன்றரை நாள் முன்னதாகவே குணமானது. பி வகையில் அந்தப் பலன் தெரியவில்லை.

மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கும் நிலை என்றால் 48 மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது. நான்காம் நாளானாலும் தொடங்குவார்கள்.

கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம்?

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மி.கி வீதம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். நம் வீட்டுக் குழந்தை 8 கிலோ. ஆக, ஒரு வேளைக்கு 24 மி.கி. குறைமாதத்தில் பிறந்த பச்சிளம் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் முழுதாக வளர்ந்திருக்காது. மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியே என்பதால், அவர்களுக்கு அளவு இன்னும் குறைவு.

ஒரு வயது தாண்டினால் கிலோவால் பெருக்குவதில்லை, எடை வரம்புகள்தான். 15 கிலோ வரை 30 மி.கி, அதற்கு மேல் 23 கிலோ வரை 45 மி.கி, 40 கிலோ வரை 60 மி.கி, அதையும் தாண்டினால் பெரியவர்களுக்கான 75 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு 30 மி.கி என்றால் கிலோவுக்கு இரண்டரை மி.கி. 60 கிலோ அப்பாவுக்கோ ஒன்றே கால்தான். குழந்தைக்கு ஏன் இவ்வளவு என்று பயப்பட வேண்டாம். சின்னக் குழந்தைகளின் உடல் இந்த மருந்தைப் பெரியவர்களைவிட வேகமாக வெளியேற்றிவிடுகிறது. ‘சின்னக் குழந்தையாச்சே’ என்று பாதியைக் கொடுத்தால் ரத்தத்தில் போதிய மருந்து இருக்காது.

எடை என்பது இன்றைய எடை. தடுப்பூசி அட்டையில் நான்கு மாதத்துக்கு முன் எழுதியதைச் சொல்லக் கூடாது. 15 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கு அந்த ஒரு கிலோ, 30 மி.கியா 45 மி.கியா என்பதையே மாற்றிவிடும்.

பாட்டிலில் ஒளிந்திருக்கும் கணக்கு

தவறு பெரும்பாலும் நடப்பது மருந்துச் சீட்டில் அல்ல, சிரிஞ்சில். 2009-ல் ஹெச்1என்1 பரவியபோது அமெரிக்காவில் ஆறு வயதுச் சிறுமிக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். ‘முக்கால் டீஸ்பூன்’ என்று பாட்டிலில் எழுதியிருந்தது. கூடவே இருந்த சிரிஞ்சிலோ 30, 45, 60 என்று மில்லிகிராம் கோடுகள் மட்டும். எந்தக் கோடு வரை இழுப்பது என்பதைப் பெற்றோரே கணக்குப் போட வேண்டியிருந்தது. இந்தச் சம்பவம் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. அந்த நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் எச்சரிக்கை விடுத்தது. 1 மி.லி-யில் 12 மி.கி என்று இருந்த டாமிஃப்ளூ, 2011-ல் அங்கே 6 மி.கி என்று மாற்றப்பட்டது.

நம் நாட்டு வழிகாட்டுதல் குறிப்பிடும் சிரப், 1 மி.லி-யில் 12 மி.கி உள்ளது. அதன்படி நம் வீட்டுக் குழந்தையின் 24 மி.கி-க்கு 2 மி.லி போதும். 6 மி.கி பாட்டில் என்றால் 4 மி.லி. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து, மருந்துச் சீட்டில் உள்ள அதே 2 மி.லி-யைக் கொடுத்தால் பாதி மருந்துதான் உள்ளே போகும். மாறி நடந்தால் இரட்டிப்பு. அதனால் மருத்துவரிடம் ‘எத்தனை மில்லிகிராம், இந்தப் பாட்டிலில் அது எத்தனை மி.லி?’ என்று இரண்டையும் எழுதி வாங்குவது நல்லது. அளக்க சிரிஞ்சுதான் வேண்டும். வீட்டு ஸ்பூன்கள் ஒவ்வொன்றும் ஒரு அளவு.

தூளாக வரும் பாட்டில் என்றால், அதில் சொன்ன அளவு தண்ணீரை மருந்துக்கடையிலேயே கலந்து வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்காவிட்டால், முதல் நாள் நீர்த்தும் கடைசி நாள் கெட்டியாகவும் போகும். சிரப் கிடைக்காதபோது கேப்சூலைப் பிரித்துச் சர்க்கரைப் பாகில் கலந்து கொடுக்கும் முறையும் உண்டு. அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் மட்டும் கூடாது.

வாந்தி வருவதானால் பெரும்பாலும் முதல் ஓரிரு வேளைகளில் வரும். பால் கொடுத்த பிறகு மருந்து கொடுத்தால் குறையும். வாந்தியோடு மருந்து வெளியே வந்துவிட்டால், நாமாக இன்னொரு வேளை கொடுக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஒன்று மறக்கக் கூடாது. இந்த மழைக்காலத்தில் டெங்குவும் கூடவே வருகிறது. ஒசெல்டாமிவிர் டெங்குவையோ சாதாரண சளியையோ தொடாது. மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை வேகவேகமாக மூச்சுவிட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் மந்தமாகக் கிடந்தாலோ, உதடு நீலமானாலோ, அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தோசை கேட்ட அண்ணனுக்கும் இது பொருந்தும். இறங்கிய காய்ச்சல் இருமலோடு திரும்ப ஏறினால் நிமோனியாவாக இருக்கலாம்.

இரண்டாம் நாளே குழந்தை சிரித்தாலும் ஐந்து நாள், பத்து வேளை முழுவதும் கொடுக்க வேண்டும். பாட்டிலில் மிச்சம் இருந்தால், கலந்த சிரப் சில வாரங்கள்கூடத் தாங்காது. அடுத்த மழைக்கென்று ஃப்ரிட்ஜில் எடுத்துவைக்க வேண்டாம். அதற்குள் குழந்தையின் எடையும் மாறியிருக்கும்.