மூன்றா, நான்கா? முதலில் எண்ணுங்கள்

கோ ஆட்டத்தில் ஒரு காய்க்கூட்டத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் காலிப் புள்ளிகள்தான் அதன் மூச்சு. எல்லாம் அடைபட்டால் கூட்டமே பலகையை விட்டுப் போகும்.

கறுப்புக் கூட்டம் ஒன்றும் வெள்ளைக் கூட்டம் ஒன்றும் பின்னிக் கிடக்கின்றன என்று வையுங்கள். இரண்டுக்கும் தப்ப வழியில்லை, உள்ளே கண்ணும் இல்லை. கறுப்புக்கு மூன்று மூச்சு, வெள்ளைக்கு நான்கு. இப்போது கறுப்பின் முறை. கை துறுதுறுக்கும், உடனே அடைக்கத் தோன்றும். ஆளுக்கொன்றாக அடைத்துப் பாருங்கள்: வெள்ளைக்குக் கடைசியாக ஒரு மூச்சு மிஞ்சும்போது கறுப்பு பிடிபட்டுவிடும்.

ஆகவே பலப்படுத்த வேண்டும். ஆனால் ஒரு மூச்சு கூடினால் போதாது. நான்குக்கு நான்கு ஆகி, அடுத்த முறை வெள்ளையுடையது என்பதால் அதுவே முந்தும். ஒரே காயில் இரண்டு மூச்சு கூட்டும் இடம் கிடைத்தால் ஐந்துக்கு நான்கு, கறுப்பு ஜெயிக்கும். அப்படி இடமே இல்லையென்றால் அந்தக் கூட்டத்தைக் கைவிட்டு வேறெங்காவது ஆடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

தொடக்கத்திலேயே இருபுறமும் நான்கு என்றால், முறை உள்ளவர் தயங்காமல் தாக்கலாம்.

புதியவர்கள் சறுக்குவது பொது மூச்சில். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே உள்ள காலிப் புள்ளியை அடைத்தால் நம் மூச்சும் குறையும். எதிராளிக்கு மட்டுமே உரிய வெளிப்புள்ளிகளை முதலில் அடைக்க வேண்டும். நடுவில் இப்படி இரண்டு புள்ளிகள் இருந்தால், சில சமயம் யாரும் அடைக்கத் துணியாமல் இரு கூட்டமும் பிழைத்துக்கொள்ளும். ஜப்பானியர் இதை ‘செகி’ என்கிறார்கள்.