பட்டாணி வெந்ததா? மூன்றரை நிமிடத்தில் தெரியும்

ஃப்ரீசரில் வைத்துவிட்டால் காய் கெடாது என்று நம்புகிறோம். கிருமிகளைப் பொறுத்தவரை அது சரிதான். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அவை பெருகுவதில்லை. ஆனால் காய்க்குள்ளேயே இருக்கும் நொதிகள் முழுதாக ஓய்வதில்லை. அந்தக் குளிரிலும் காயிலுள்ள நீர் அத்தனையும் பனிக்கட்டியாகிவிடாது. உறையாமல் எஞ்சும் கொஞ்ச நீரில் அவை மெல்ல மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும். உரித்த பச்சைப் பட்டாணியை அப்படியே பையில் கட்டி உறையவைத்துச் சில மாதம் கழித்து எடுத்தால், பச்சை நிறம் மங்கி வைக்கோல் வாடை அடிக்கும். பட்டாணியிலுள்ள மிகக் குறைந்த கொழுப்பை லிப்பாக்ஸிஜினேஸ் என்ற நொதி ஆக்சிஜனோடு சேர்த்துச் சிதைப்பதுதான் இந்த வாடைக்கு முக்கியக் காரணம்.

இதைத் தடுக்கத்தான் உறையவைக்கும் முன் காயைக் கொதிநீரில் சிறிது நேரம் போட்டு எடுக்கிறார்கள். உணவுப் பதப்படுத்தல் பாடத்தில் இதற்குப் பெயர் பிளான்ச்சிங். அரை கிலோ பட்டாணிக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது நன்றாகக் கொதிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் காய் விழுந்ததும் கொதி அடங்கிவிடும். பட்டாணியைப் போட்டபின் ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதி வர வேண்டும். அப்போதிருந்து ஒன்றரை நிமிடம். உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டி, உள்சூடு தணிந்ததும் நீரை நன்றாக வடித்துவிட்டு உறையவைக்கலாம்.

நேரத்தை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறார்கள்? அதிகமானால் பட்டாணி குழையும், வைட்டமின் சி தண்ணீரோடு போகும். குறைந்தாலோ இன்னும் மோசம். அரைச் சூட்டில் செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனியே இருந்த நொதியும் கொழுப்பும் கலந்துவிடும். நொதி மட்டும் சாகாமல் இருக்கும். பிளான்ச்சிங்கே செய்யாத காயைவிட அது சீக்கிரம் கெடும்.

சூடு போதுமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் பெராக்ஸிடேஸ் சோதனை. பிளான்ச்சிங் முடிந்த பட்டாணியை நீர்விட்டு அரைத்து வடிகட்டுகிறார்கள். சோதனைக் குழாயில் அந்த வடிநீர் 2 மில்லியோடு காய்ச்சி வடித்த நீர் 20 மில்லி. அதில் 0.5 சதவீத குவையாகால் கரைசல் 1 மில்லி, 0.08 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 மில்லி சேர்த்துக் கலக்குகிறார்கள். பெராக்ஸிடேஸ் உயிரோடு இருந்தால், பெராக்சைடைக் கொண்டு குவையாகாலை ஆக்சிஜனேற்றம் செய்யும், நீர் செம்பழுப்பாகும். மூன்றரை நிமிடம் வரை நிறம் வராவிட்டால் பிளான்ச்சிங் போதும் என்று முடிவு. அதற்குப் பிறகு லேசாக நிறம் தெரிந்தால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பச்சைப் பட்டாணியின் வடிநீரிலும் இதே சோதனையைப் பக்கத்தில் செய்து பார்ப்பது அவசியம். அதில் நிறம் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் பெராக்சைடு பழசாகி வீரியம் இழந்திருக்கிறது. அப்போது பிளான்ச்சிங் செய்த குழாய் நிறமின்றி இருப்பதற்கு அர்த்தமே இல்லை. மாதிரி எடுக்கும்போது பருமனான மணிகளையும் சேர்க்க வேண்டும். சூடு கடைசியாகப் போய்ச் சேருவது அவற்றின் நடுப்பகுதிக்குத்தான்.

தேர்வெழுதும் மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பட்டாணியின் வாடைக்கு முதன்மைக் குற்றவாளி பெராக்ஸிடேஸ் அல்ல. பிறகு ஏன் அதைத் தேடுகிறோம்? காய்கறி நொதிகளில் சூட்டை மிக அதிகமாகத் தாங்குவது அதுதான். கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டால் மற்ற பந்திகள் முடிந்ததா என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா? பெராக்ஸிடேஸே அடங்கிவிட்டால் லிப்பாக்ஸிஜினேஸ் எப்போதோ அடங்கியிருக்கும். சோதனையும் எளிது, நிறமும் தெளிவு.

இதிலேயே அதன் குறையும் இருக்கிறது. பெராக்ஸிடேஸ் துளியும் மிஞ்சக்கூடாது என்று கொதிக்கவிட்டால் தேவைக்கு மேல் வேகவைத்தவர்களாவோம். சில சதவீதம் மிஞ்சியிருந்தாலும் பல காய்கள் உறைநிலையில் நன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் லிப்பாக்ஸிஜினேஸையே நேரடியாக அளப்பது பட்டாணிக்குப் பொருத்தம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. இன்னொரு சிக்கல், மிகக் குறைந்த நேரம் கடும் சூடு காட்டினால் செயலிழந்த பெராக்ஸிடேஸ் கொஞ்ச நேரத்தில் ஓரளவு மீண்டும் உயிர்பெறும். உடனே செய்த சோதனையில் நிறம் வராத காய், பிறகு சோதித்தால் நிறம் காட்டலாம்.

வீட்டில் குவையாகால் தேவையில்லை. கடிகாரமும் கொதிநீரும் போதும். தேர்வில் இந்தக் கேள்வி வந்தால், நிறம் மாறும் என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எத்தனை நிமிடத்துக்குள், எதோடு ஒப்பிட்டு, ஏன் இந்த நொதி என்ற மூன்றையும் எழுதுங்கள்.