துண்டுச் சீட்டிலிருந்து சுற்றறிக்கை வரை

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் உதவி, "இதைக் கொஞ்சம் டைப் செய்து தர முடியுமா?" என்பதாகத்தான் இருக்கும். மசினகுடியில் உள்ள ஒரு பள்ளியிலிருந்து இப்படி ஒரு சீட்டு வருவதாக வைத்துக் கொள்வோம்.

"அடுத்த வெள்ளி தெப்பக்காடு யானை முகாம். 8, 9 வகுப்பு. காலையில் கிளம்பி சாயங்காலம் வந்துவிடலாம். பெற்றோர் கையெழுத்து வேண்டும்."

இதை அப்படியே டைப் செய்யாதீர்கள். சீட்டு எழுதிய நாள் 02.07.2025, புதன்கிழமை. அடுத்த வெள்ளி என்பதை ஒருவர் 4ஆம் தேதி என்பார். மற்றொருவர் 11 என்பார். சாயங்காலம் என்பதும் அப்படித்தான். இருட்டினால் யானை நடமாடும் ஊர் இது. பிள்ளையை அழைத்துச் செல்லப் பெற்றோர் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இவற்றை நீங்களே ஊகிக்காமல், தலைமை ஆசிரியரிடம் கேட்டு நிரப்புங்கள். கேட்ட பின் சுற்றறிக்கை இப்படி அமையும்:

ந.க.எண். 27/2025
நாள்: 02.07.2025

சுற்றறிக்கை

பொருள்: தெப்பக்காடு யானை முகாம் – கல்விச் சுற்றுலா – பெற்றோர் ஒப்புதல் கோருதல் – தொடர்பாக.

8, 9ஆம் வகுப்பு மாணவர்கள் 11.07.2025 வெள்ளிக்கிழமை காலை 9.30 மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்பட்டு, மாலை 4.00 மணிக்குத் திரும்புவர். பெற்றோர் 4.00 மணிக்குப் பள்ளிக்கு வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டும். ஒப்புதல் கடிதத்தை 08.07.2025 செவ்வாய்க்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் அளிக்கவும்.

தலைமை ஆசிரியர்

பெறுநர்:
1. 8, 9ஆம் வகுப்பு ஆசிரியர்கள்
2. பெற்றோர் (மாணவர்கள் வழியாக)

நகல்:
1. அறிவிப்புப் பலகை
2. அலுவலகக் கோப்பு

ந.க.எண் கம்ப்யூட்டர் தருவதல்ல. பள்ளிப் பதிவேட்டில் கடைசியாக உள்ள எண்ணுக்கு அடுத்ததைக் கேட்டு வாங்குங்கள். ஃபைலுக்கும் 27-2025 என்றே பெயர் கொடுத்தால் பின்னாளில் தேடுவது எளிது.

நாளை இடுவதில்தான் ஒரு பொறி உள்ளது. வேர்டில் Insert மெனுவில் Date & Time கிளிக் செய்து, Update automatically கட்டத்தில் டிக் இருக்கும்படி விட்டால், அந்தத் தேதி தானாக மாறிக்கொண்டே இருக்கும். ஆகஸ்டில் ஃபைலைத் திறந்து பிரிண்ட் எடுத்தால், ஜூலைச் சுற்றுலாவுக்கு ஆகஸ்டில் சுற்றறிக்கை அனுப்பியதாகக் காட்டும். தேதியின் மேல் கிளிக் செய்து பாருங்கள். சாம்பல் நிறப் பட்டை தெரிந்தால் அது மாறும் தேதியாக இருக்கலாம். Ctrl+Shift+F9 அழுத்தினால் சாதாரண எழுத்தாக நின்றுவிடும். கையால் டைப் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பெறுநர் பட்டியல்தான் எத்தனை பிரதி என்பதையும் சொல்கிறது. இரண்டு வகுப்பிலும் சேர்த்து 40 மாணவர்கள், 2 ஆசிரியர்கள், நகல் 2 என்றால் மொத்தம் 44. முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, காலண்டரை அருகில் வைத்துத் தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா எனப் பாருங்கள். தலைமை ஆசிரியர் அதில் கையெழுத்திட்ட பின் மற்ற 43 பிரதிகளையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.