மோட்டாருக்கு எத்தனை கிராம் கிரீஸ்?

மோட்டார் கத்தத் தொடங்கினால் பெரும்பாலான இடங்களில் முதலில் தேடப்படுவது கிரீஸ் கன்தான். நிப்பிளில் பொருத்தி, கை வலிக்கும்வரை அழுத்துவார்கள். சத்தம் அடங்கிவிடும். சில மாதங்களில் பேரிங்கும் போய்விடும். சில நேரம் வைண்டிங்கையும் சேர்த்துக்கொண்டு போகும்.

கிரீஸில் பத்துக்கு எட்டு, ஒன்பது பங்கு எண்ணெய்தான். மீதியில் பெரும்பகுதி, அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் சோப்பு போன்ற பொருள். அதிலிருந்து எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து குண்டுகளுக்கும் பாதைக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கிறது. ஒழுகாது, தொட்டி வேண்டாம், தூசியையும் ஓரளவு தடுக்கும். அதனால்தான் நாம் பார்க்கும் மோட்டார்களில் பெரும்பாலானவை கிரீஸில் ஓடுகின்றன.

ஆனால் கிரீஸால் சூட்டை வெளியே கொண்டுபோக முடியாது, எண்ணெயால் முடியும். அதனால் மிகப் பெரிய மோட்டார்களில் குண்டு பேரிங்குக்குப் பதில் வெள்ளை உலோகம் பூசிய புஷ் பேரிங் வைத்து எண்ணெயில் ஓட்டுகிறார்கள். பெரும் எடையைத் தாங்கும் செங்குத்து பம்ப் மோட்டார்களின் மேல் பேரிங்கும் பல இடங்களில் எண்ணெய்க் குளியலில்தான் இருக்கும். குண்டு பேரிங் என்றால், மோட்டார் நிற்கும்போது எண்ணெய் மட்டம் அடிக்குண்டின் நடுப்பகுதி வரை இருந்தால் போதும். கிரீஸ் பேரிங்கில் எண்ணெய் ஊற்றுவது மட்டும் வேண்டாம். சீலிங் ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள், உள்ளே இருக்கும் நல்ல கிரீஸைக் கரைத்து வெளியேற்றுகிறார்கள்.

இனி அளவு. பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005-ஆல் பெருக்கினால் மறுமுறை போடவேண்டிய கிரீஸ் கிராமில் கிடைக்கும். நூற்பாலை ஒன்றில் 40 குதிரைத்திறன் மோட்டார் ஓடுகிறது, அதில் 6312 பேரிங் என்று வைத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 130, அகலம் 31. விடை ஏறத்தாழ 20 கிராம். கன்னை ஒருமுறை அழுத்தினால் எவ்வளவு வரும் என்பது கன்னுக்குக் கன் மாறும். ஒரு காகிதத்தில் பத்துமுறை அழுத்தித் தராசில் வையுங்கள். 14 கிராம் இருந்தால் ஓர் அழுத்தத்துக்கு 1.4 கிராம், நம் மோட்டாருக்கு 14 அழுத்தம்.

கூடினால் என்ன கெடும்? குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே ஓடவேண்டியிருக்கும். சூடு ஏறும், எண்ணெய் பிரிந்து ஓடிவிடும், காய்ந்த சோப்புதான் மிஞ்சும். மிச்சக் கிரீஸ் ஷாப்ட் ஓரமாக உள்ளே புகுந்து வைண்டிங்கில் படியும். அதன்மேல் பஞ்சுத் தூசி ஒட்டும். கிரீஸ் போட்டபின் சில மணி நேரம் சூடு கூடுவது இயல்பு. பிறகும் இறங்காவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று அறியலாம்.

எப்போது போடுவது? நாள் கணக்கைவிட ஓடிய மணிக் கணக்குதான் சரி. 1480 சுற்றில் ஓடும் 6312 பேரிங்குக்கு, வழக்கமான சூத்திரத்தின்படி சுமார் 9,800 மணி நேரம் வருகிறது. இது சுத்தமான இடத்தில், 65 டிகிரிக்குள் ஓடும் பேரிங்குக்கு. நம் மில்லில் பேரிங் 75 டிகிரியில் ஓடுகிறது; அதற்காகப் பாதியாக்க வேண்டும், 4,900. பஞ்சுத் தூசி அதிகம்; அதற்காக 0.7-ஆல் பெருக்கினால் சுமார் 3,430. இரவு பகலாக ஓடும் மில்லில் இது ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. இதே மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தினால் கிரீஸ் கீழே இறங்கிவிடும் என்பதால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மாதாமாதம் எல்லா மோட்டாருக்கும் ஒரே மாதிரி அழுத்தும் பழக்கம் எவ்வளவு அபத்தம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

போடும் முறையில் பலரும் விடுவது கீழே இருக்கும் வடிகால் பிளக்கை. நிப்பிளைத் துடைத்து, அந்தப் பிளக்கைக் கழற்றி, காய்ந்து அடைத்திருப்பதைச் சுரண்டிவிட்டுத்தான் கன்னைத் தொடவேண்டும். நிப்பிள் ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால் மோட்டார் ஓடும்போதே மெதுவாக அழுத்தலாம், இல்லையென்றால் நிறுத்திவிட்டுத்தான். பிறகு ஒரு மணி நேரமாவது பிளக்கைத் திறந்துவைத்து ஓட்டினால் மிச்சம் வெளியே வந்துவிடும்.

எல்லாக் கிரீஸும் ஒன்றல்ல. பாலியூரியா கிரீஸ் இருக்கும் பேரிங்கில் கடையில் கிடைத்த லித்தியம் கிரீஸை ஏற்றினால், பல சமயம் இரண்டும் சேர்ந்து இளகி ஒழுகிவிடும். நிப்பிளே இல்லாத, இருபுறமும் மூடிய ZZ, 2RS பேரிங்குகளுக்கு ஆயுள் முழுக்கக் கம்பெனி போட்ட கிரீஸ்தான். சத்தம் வந்தால் பேரிங்கையே மாற்றுங்கள்.

மற்ற மோட்டார்களுக்கு, நிப்பிள் பக்கத்திலேயே பெயின்ட்டால் மூன்று விஷயம் எழுதிவையுங்கள்: கிரீஸின் பெயர், எத்தனை கிராம், அடுத்த தேதி.